கோலாலம்பூர் அலுவலகக் கட்டடம்: லிஃப்டில் 24 இல்லை, பலகையில் 23A இருக்கிறது. நான் எங்கே போக வேண்டும்?

கோவை_கதிர்
வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து வேலை விஷயமாகக் கோலாலம்பூர் வந்திருக்கிறேன். நாளைக் காலை 9.30க்கு ஓர் அலுவலகத்தில் சந்திப்பு. இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று இன்று சாயங்காலம் போனேன். வரவேற்பு மேசையில் ஆள் இல்லை. காவலரிடம் கேட்டு லிஃப்டின் பொத்தான் பலகையையும், கீழ்க்கூடத்துச் சுவரில் இருந்த பெயர்ப் பலகையையும் படம் எடுத்து வந்தேன். இரண்டையும் கீழே இணைத்திருக்கிறேன்.

கைப்பேசியில் படம் தெளிவாகத் தெரியாதவர்களுக்காக எழுதியும் விடுகிறேன். லிஃப்டுக்குள் கீழிருந்து மேலாக: LG, G, அடுத்து நேராக 6, 7, 8, 9, 10, 11, 12, 13, 13A, 15, 16. அவ்வளவுதான், 16க்கு மேல் எதுவும் இல்லை. பொத்தான்களுக்கு மேலே அட்டை தேய்க்கும் கறுப்புச் சதுரம். அடியில் "பொம்பா" என்று எழுதிய ஒரு சாவித் துளை, மணி படம் போட்ட பொத்தான், 20 பேர் 1360 கிலோ என்று ஒரு தகடு.

சுவர்ப் பலகையில் A கோபுரம், B கோபுரம் என்று இரண்டு பத்தி. B பத்தியில் 33A முதல் 6 வரை நிறுவனப் பெயர்கள். அதற்குக் கீழே 5, 3A, 3, 2, 1 என்ற மாடிகளுக்கு எதிரே பெயரே இல்லை, ஒரு கார் படம் மட்டும். பலகையின் தலையில் சின்ன எழுத்தில் "6–16: B1–B4" என்றும் "17–33A: B5–B8" என்றும் போட்டிருக்கிறது.

எனக்கு வந்த மின்னஞ்சலில் "24ஆவது மாடி, B கோபுரம்" என்று இருக்கிறது. அதே நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் முகவரி "B-23A-05". இவை இரண்டு வேறு அலுவலகங்களா? 24 எங்கே போயிற்று?

செந்தூல்_ராஜா
வணக்கம் கதிர். பயப்பட ஒன்றுமில்லை, இங்கே எல்லாக் கட்டடத்திலும் இப்படித்தான். சீனர்களுக்கு 4 ஆகாத எண், சாவை நினைவுபடுத்தும் ஒலி. அதனால் 4, 14, 24, 34 எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். உங்கள் லிஃப்டில் G-க்கு அப்புறம் 6 வருவதும் அதனால்தான். A போட்ட மாடிகள் இரண்டு மாடிக்கு நடுவில் இருக்கும் இடைத்தளம். 23A என்றால் 23இல் இறங்கிப் படியேறிப் பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_மணியம்
ராஜா, முதல் பாதி சரி. இடைத்தளம் என்பது சரியில்லை. தம்பி அதை நம்பிப் போனால் 23இல் இறங்கி நிற்பார். அங்கே படிக்கட்டுக் கதவு மாடிப் பக்கமிருந்து திறக்கும், படிக்கட்டுப் பக்கமிருந்து பல கட்டடங்களில் திறக்காது.

நான் இருபது வருடத்துக்கு மேல் இந்த மாதிரிக் கட்டடங்களின் நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்த்தவன். வரிசையாகச் சொல்கிறேன் கதிர் தம்பி.

A என்பது அதற்கு முந்திய எண்ணோடு ஒட்டி வந்தாலும், அது குறிப்பது அடுத்த எண்ணை. 3A என்பது 4. 13A என்பது 14. 23A என்பது 24. முழு மாடி, மற்ற மாடிகளின் அதே உயரம், அதே பரப்பு. பெயர் மட்டும்தான் மாற்றம். உங்களுக்கு மின்னஞ்சல் எழுதியவர் மனத்தில் எண்ணி 24 என்று போட்டிருக்கிறார், கடிதத் தலைப்பில் கட்டடத்தின் பெயர்ப்படி 23A இருக்கிறது. இரண்டும் ஒரே கதவு.

இதை உங்கள் படத்தை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். 13, 13A, 15 என்று வருகிறது பாருங்கள். 13 இருக்கிறது, 15 இருக்கிறது, இடையில் ஒரே ஒரு பொத்தான். ஆக 13A அந்த இடத்தை நிரப்புகிறது. சில கட்டடங்களில் 13ஐயும் விரும்பமாட்டார்கள், அங்கே 12க்குப் பிறகு 12A என்று பார்ப்பீர்கள். அதுவும் இதே வழக்கம்தான். உண்மையான இடைத்தளத்துக்கு இங்கே M என்று போடுவார்கள், அது G-க்கு மேலே, 1க்குக் கீழே வரும். உங்கள் கட்டடத்தில் M இல்லை.

இப்போது G-க்கு அப்புறம் ஏன் 6. அதற்கும் 4க்கும் சம்பந்தம் இல்லை. 1, 2, 3, 3A, 5 ஐந்தும் கார் நிறுத்துமிடம். பலகையில் கார் படம் போட்டிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோலாலம்பூரில் பெரிய கட்டடங்கள் பலவற்றில் நிலத்துக்குக் கீழே இடம் போதாமல் தரைக்கு மேலேயே நாலைந்து மாடி வாகனங்களுக்கு விட்டு, அதன் தலையில் அலுவலகக் கோபுரத்தை ஏற்றுவார்கள். அந்த மாடிகளுக்குத் தனி மின்தூக்கி இருக்கும், அது G அல்லது LG வரை மட்டும் வரும். காரில் வருகிறவரும் கீழே இறங்கி வரவேற்பு மேசையைத் தாண்டித்தான் அலுவலகத்துக்கு ஏற முடியும். காவலுக்காகச் செய்யும் ஏற்பாடு.

கோவை_கதிர்
ஐயா, மிக்க நன்றி. 13A, 15 என்று நானே தட்டச்சு செய்தும் அப்படிப் பார்க்கத் தோன்றவில்லை. ஆனால் 16க்கு மேல் பொத்தானே இல்லையே? 24க்கு எப்படிப் போவது? 16இல் இறங்கி மாற வேண்டுமா?

கிள்ளான்_சுப்ரா
தம்பி, 23A-இல் கார் நிறுத்த முடியாது, அது மாதச் சந்தாக்காரர்களுக்கு ஒதுக்கிய இடமாக இருக்கும். கட்டடத்துக்குள் நுழையும்போது தடுப்புக்கட்டையிலேயே டச் அன் கோ அட்டையைத் தேய்த்துவிட்டு, வெளியே போகும்போது அதே அட்டையைத் தேய்க்க வேண்டும். வேறு அட்டை தேய்த்தால் கட்டை திறக்காது. போன மாதம் என் மருமகன் இரண்டு அட்டையையும் குழப்பிக்கொண்டு பின்னால் பத்து கார் நின்றுவிட்டது.

பினாங்கு_தேவி
சுப்ரா அண்ணே, கதிர் காரில் வரவில்லை. அவர் கேட்பது அலுவலக மாடி. B-23A-05 இல் 05 என்பது அலுவலகக் கதவு எண், கார் இடத்தின் எண் அல்ல. கோபுரம், மாடி, கதவு என்ற வரிசை. நாங்கள் பினாங்கில் கூரியர் எழுதுவதும் அப்படித்தான்.

பிரிக்பீல்ட்ஸ்_மணியம்
தேவி சொல்வது சரி. கதிர் தம்பி, 16இல் இறங்கி மாறாதீர்கள். அங்கிருந்து மேலே போக உங்களுக்கு வழி இருக்காது.

உங்கள் கேள்விக்குப் பதில் பலகையின் தலையில் சின்ன எழுத்தில் இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் மின்தூக்கிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கூட்டம் 6 முதல் 16 வரை மட்டும் நிற்கும். இன்னொரு கூட்டம் G-இலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் ஏறி 17இல் தொடங்கி 33A வரை நிற்கும். எல்லா மின்தூக்கியும் எல்லா மாடியிலும் நின்றால், காலை ஒன்பது மணிக்கு மேல்மாடிக்காரர் இருபது இடத்தில் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அதோடு கீழ்க்கூட்டத்து மின்தூக்கிகள் ஓடும் பாதை 16க்கு மேல் முடிந்துவிடுவதால் மேல்மாடிகளில் அந்த இடம் வாடகைக்குக் கிடைக்கிறது. நீங்கள் படம் எடுத்தது கீழ்க்கூட்டத்து மின்தூக்கி. உங்களுக்கு வேண்டியது மற்றது.

இங்கே ஒரு சிக்கலைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், இதில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பலகையில் B1–B4, B5–B8 என்று இருப்பது மாடி இல்லை. B கோபுரத்தின் மின்தூக்கிகளின் பெயர்: ஒன்றாம் மின்தூக்கி, இரண்டாம் மின்தூக்கி என்று. ஆனால் இதே நாட்டில் B1, B2 என்றால் நிலத்துக்குக் கீழே உள்ள தளங்கள் என்றும் அர்த்தம். கார் நிறுத்துமிட மின்தூக்கிக்குள் B1 என்ற பொத்தான் இருந்தால் அது நிலவறை. கூடத்துச் சுவரில், கதவுக்கு மேலே B5 என்று இருந்தால் அது மின்தூக்கியின் பெயர். பொத்தானில் இருந்தால் தளம், கதவு நிலையின் மேல் இருந்தால் மின்தூக்கி. நாளை B5, B6, B7, B8 என்று எழுதிய நான்கு கதவுகளைத் தேடுங்கள். பெரும்பாலும் கூடத்தின் மறுபக்கத்திலோ, முதல் வரிசைக்குப் பின்னாலோ இருக்கும்.

செந்தூல்_ராஜா
மணியம் அண்ணன் சொன்னதை ஏற்கிறேன், A இடைத்தளம் இல்லை. ஆனால் 4 எல்லா இடத்திலும் A ஆக மாறுவதில்லையே? நான் வேலை செய்த கட்டடத்தில் 3க்கு அப்புறம் நேராக 5. 3A கிடையாது.

பிரிக்பீல்ட்ஸ்_மணியம்
அதுவும் உண்டு. அப்படிப்பட்ட கட்டடத்தில் மாடியே குறைந்துவிடுகிறது. 30 என்று எழுதியிருக்கும் மாடி தரையிலிருந்து எண்ணினால் 27ஆவதாகக்கூட இருக்கும். 4, 14, 24 மூன்றும் போய்விடுகின்றன அல்லவா. கண்டுபிடிப்பது எளிது: பொத்தான்களை வரிசையாக வாசிக்கவும். 3, 3A, 5 என்றால் ஒன்றும் தொலையவில்லை. 3, 5 என்றால் ஒன்று தொலைந்தது. கதிரின் கட்டடம் முதல் வகை, அதனால் 23A உண்மையிலேயே G-க்கு மேல் 24ஆவது மாடி.

இரண்டாவது வகைக் கட்டடத்தில் ஒருவர் "24ஆவது மாடி" என்று எழுதி அனுப்பினால் உடனே திருப்பிக் கேட்க வேண்டும். அங்கே அவர் எதைச் சொல்கிறார் என்று பொத்தானைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பினாங்கு_தேவி
எங்கள் பக்கம் நான் பார்த்த இன்னொன்று: சில புதுக் கட்டடங்களில் தரைத்தளத்தையே 1 என்று போடுகிறார்கள், G என்ற பொத்தானே இல்லை. அங்கே 2 என்றால் நம்ம முதல் மாடி. கதிர், உங்கள் ஊரில் தரைத்தளம், முதல் தளம் என்றுதானே? அப்படியானால் உங்கள் பழக்கம் இந்தக் கட்டடத்தோடு ஒத்துப்போகிறது, G-க்கு மேல் 1.

கோவை_கதிர்
ஆமாம் அக்கா, எங்கள் ஊரிலும் தரைத்தளம், முதல் தளம்தான். அப்படியானால் LG? நான் தெருவிலிருந்து உள்ளே நுழைந்த இடமே LG என்று போட்டிருந்தது. நிலவறைக்குள் இருந்தேன் என்றே தோன்றவில்லை, வாசலில் வெயில் அடித்தது.

பிரிக்பீல்ட்ஸ்_மணியம்
கோலாலம்பூர் மேடும் பள்ளமுமான ஊர். கட்டடத்தின் ஒரு பக்கத்துத் தெரு தாழ்ந்தும் மறுபக்கத்துத் தெரு உயர்ந்தும் இருந்தால், இரண்டு பக்கமும் வாசல் வைத்துத் தாழ்ந்ததை LG என்றும் உயர்ந்ததை G என்றும் பெயரிடுவார்கள். சில இடத்தில் UG என்றும் காண்பீர்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்து வருகிறவர் LG-இல் நுழைவது சகஜம். வரவேற்பு மேசை எந்தத் தளத்தில் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். நீங்கள் மேசையைப் பார்த்தது எந்தத் தளத்தில்?

கோவை_கதிர்
நகரும் படிக்கட்டில் ஒரு மாடி ஏறி. அப்படியானால் G. பெயர்ப் பலகையும் அங்கேதான் இருந்தது.

இன்னொரு சந்தேகம். பலகையில் 23A எதிரே இரண்டு நிறுவனப் பெயர் இருக்கிறது. இரண்டுமே நான் சந்திக்கப் போகும் நிறுவனத்தின் பெயர் இல்லை. அவர்கள் பொருளின் பெயரில்தான் எல்லோருக்கும் தெரியும், அந்தப் பெயர் பலகையில் எங்குமே இல்லை.

செந்தூல்_ராஜா
அப்படியானால் மாறிப் போயிருப்பார்கள். பலகையை யாரும் உடனே மாற்றுவதில்லை. வாடகைக்காரர் போய் ஆறு மாதம் ஆனாலும் பெயர் அப்படியே இருக்கும்.

பினாங்கு_தேவி
மாறியிருக்கலாம், ஆனால் முதலில் வேறொன்றைப் பாருங்கள். நான் நிறுவனச் செயலாளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், இது எங்களுக்குத் தினப்படிச் சங்கதி.

இங்கே பலகையில் போடுவது பெரும்பாலும் பதிவுப் பெயர், கடைசியில் செண்டிரியான் பெர்ஹாட் என்று முடியும். உங்கள் ஊர் பிரைவேட் லிமிடெட் போல. வியாபாரப் பெயர் வேறாக இருக்கும், சில சமயம் ஒரு எழுத்துகூடச் சேராது. மலேசிய நிறுவனம் தன் கடிதத் தலைப்பில் பதிவுப் பெயரையும் பதிவு எண்ணையும் போட வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே உங்களிடம் இருக்கும் கடிதத்தின் தலையிலோ அடியிலோ சின்ன எழுத்தில் தேடுங்கள். 12 இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் நான்கு இலக்கம் நிறுவனம் பதிவான ஆண்டு. அடைப்புக்குள் பழைய எண்ணும் இருக்கலாம், அது குறுகலாக ஓர் ஆங்கில எழுத்தில் முடியும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரை எடுத்துப் பலகையோடு ஒப்பிடுங்கள்.

(M) என்று பெயருக்கு நடுவில் வந்தால் அது மலேசியா. தாய் நிறுவனம் வெளிநாட்டில் இருந்தால் இப்படிப் போடுவது வழக்கம். அதை மாடி என்று நினைத்து ஒருவர் M தளத்துக்குப் போனதாக எங்கள் வரவேற்பாளர் சொல்லியிருக்கிறார்.

கோவை_கதிர்
பார்த்தேன் அக்கா! கடிதத்தின் அடியில் இருக்கிறது. 2017இல் தொடங்கும் எண், அதன் முன்னால் நீங்கள் சொன்ன மாதிரி செண்டிரியான் பெர்ஹாட்டில் முடியும் பெயர். 23A எதிரே இரண்டாவதாக இருக்கும் பெயரும் அதுவே. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டேன்.

செந்தூல்_ராஜா
நல்லது. அப்போ நான் சொன்னது இதற்குப் பொருந்தவில்லை. ஆனாலும் முதல் பெயர் யாருடையது? ஒரே மாடியில் இரண்டு நிறுவனமா?

பினாங்கு_தேவி
05 என்று கதவு எண் இருப்பதால் அந்த மாடியில் குறைந்தது ஐந்து கதவு இருக்கலாம். பலகையில் இரண்டு பெயர்தான் என்றால் மற்றவை காலியாகவோ, ஒரே நிறுவனம் பல கதவுகளை எடுத்ததாகவோ இருக்கலாம். பலகையை வைத்து அதைச் சொல்ல முடியாது.

கிள்ளான்_சுப்ரா
சரி, காரை விடுவோம். தம்பி, அந்த அட்டை தேய்க்கும் கறுப்புச் சதுரத்தை யாரும் சொல்லவில்லையே. அட்டை இல்லாமல் பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியாது. என் சகலை ஒருமுறை அடுத்தவர் பின்னாலேயே ஏறிவிட்டு, அவர் இறங்கிய மாடியில் தானும் இறங்கிச் சிக்கிக்கொண்டார்.

பிரிக்பீல்ட்ஸ்_மணியம்
சுப்ரா சொன்னது மிக அவசியமானது. நாளை முதலில் G-இல் வரவேற்பு மேசைக்குப் போங்கள். "பெலாவாட்" என்று எழுதியிருக்கும், பார்வையாளர் என்று பொருள். பதிவு செய்து ஓர் அட்டை தருவார்கள். அதை மேல்கூட்டத்து மின்தூக்கிக்குள் கறுப்புச் சதுரத்தில் வையுங்கள், சத்தம் வந்ததும் 23Aஐ அமுக்குங்கள். அட்டையை எடுத்துவிட்டுச் சாவகாசமாக அமுக்கினால் எரியாது, சில விநாடிதான் நேரம். பார்வையாளர் அட்டைக்கு ஒரு மாடி மட்டும் திறக்கும்படி பொதுவாக வைத்திருப்பார்கள். ஆகவே மேசையில் "24" என்று சொல்லாதீர்கள், "23A" என்றே சொல்லுங்கள். புதிதாக வேலைக்கு வந்த காவலர் 24 என்று கேட்டுத் திரையில் தேடிவிட்டு இல்லை என்று திருப்பி அனுப்பியது எங்கள் கட்டடத்திலேயே நடந்திருக்கிறது.

ஒன்பது மணிக்கு அந்த மேசையில் வரிசை நிற்கும். 9.10க்காவது அங்கே இருங்கள்.

கோவை_கதிர்
பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா ஐயா?

செந்தூல்_ராஜா
கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள், திரும்ப வரும்போது வாங்கிக்கொள்ளலாம். எல்லோரும் கொடுக்கிறார்கள்.

பினாங்கு_தேவி
நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வெளிநாட்டில் இருக்கும்போது பாஸ்போர்ட் உங்கள் கையை விட்டுப் போகக்கூடாது. காட்டுங்கள், எண்ணை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிடித்து வைக்க ஏதாவது வேண்டும் என்று வற்புறுத்தினால் உங்கள் ஊர் ஓட்டுநர் உரிமத்தைக் கொடுங்கள். அதுவும் முடியாது என்றால் மேலே இருப்பவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கீழே வந்து அழைத்துப்போகச் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_மணியம்
நானும் தேவி பக்கம். ராஜா சொல்வது நடைமுறை, ஆனால் நல்ல நடைமுறை இல்லை.

செந்தூல்_ராஜா
நடைமுறையைத்தான் சொன்னேன் அண்ணே. வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது காவலரோடு வாதாட எல்லோராலும் முடியாது.

கோவை_கதிர்
ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கிறது, அதை எடுத்துப் போகிறேன். கடைசியாக ஒன்று: அந்தப் பொம்பா சாவித் துளையும் மணிப் பொத்தானும்?

பிரிக்பீல்ட்ஸ்_மணியம்
பொம்பா என்றால் தீயணைப்புத் துறை. தீ விபத்தில் அவர்கள் வந்து சாவி போட்டு மின்தூக்கியைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள. உங்களுக்கு அதில் வேலை இல்லை. தீ எச்சரிக்கை மணி அடித்தால் மின்தூக்கியில் ஏறாமல் படிக்கட்டில் இறங்குங்கள்.

மணிப் பொத்தான் நடுவழியில் நின்றுவிட்டால் அமுக்க. அமுக்கிப் பிடித்திருங்கள், பேசுகிறவர் கேட்பார் எந்த மின்தூக்கி என்று. அப்போது மாடி எண்ணைவிட மின்தூக்கியின் பெயர், B6 என்பது போல, அவருக்கு உதவும். நீங்கள் எந்த மாடிக்கு நடுவில் நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. பெயர் நினைவில்லை என்றால் உள்ளே தகட்டில் பி.எம்.ஏ. என்ற எழுத்துகளோடு பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், ஒவ்வொரு மின்தூக்கிக்கும் தனி எண். கதவைக் கையால் இழுத்துத் திறக்க முயலாதீர்கள்.

கிள்ளான்_சுப்ரா
20 பேர் என்று போட்டிருந்தாலும் காலையில் 14 பேருக்கே நெருக்கம். பை வேறு தோளில் இருக்கும். அடுத்ததில் ஏறுங்கள் தம்பி.

கோவை_கதிர்
சரி அண்ணே. குறித்து வைத்துக்கொண்டேன்: G-இல் மேசை, 23A என்று சொல்வது, B5 முதல் B8 வரை உள்ள கதவு, அட்டை, பொத்தான், 05. கூடத்தில் B5–B8 எந்தப் பக்கம் என்று மட்டும் படத்தில் தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ்_மணியம்
உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகையின் வலது விளிம்பில் ஓர் அம்புக்குறி பாதி வெட்டுப்பட்டு இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் "17" என்று தொடங்குவது போலத் தெரிகிறது. வலப்பக்கமாக இருக்கலாம். அட்டை வாங்கும்போது மேசையிலேயே "பி ஐந்து எங்கே" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.